ஒரே மின்சாரம், மூன்று விலை: கும்மிடிப்பூண்டியில் விலை பேதத்தின் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உயர் அழுத்த மின் இணைப்பு வைத்திருக்கும் ஓர் உருக்காலையை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த கட்டணப்படி, மாலை ஆறு மணிக்கு ஒரு நிமிடம் முன்பு அந்த ஆலை இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு விலை 6 ரூபாய் 75 காசு. ஆறு மணி அடித்ததும் அதே யூனிட் 8 ரூபாய் 44 காசு ஆகிறது. இரவு பத்து மணி தாண்டினால் 6 ரூபாய் 41 காசுக்கு இறங்குகிறது. கம்பி அதேதான், மீட்டர் அதேதான், இரும்பை உருக்கும் சூடும் அதேதான்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி ரயில் நிலையத்துக்குப் போனால் இன்னொரு விலை விசித்திரம். சென்னை சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூவரில் ஒருவர் அன்றைய டிக்கெட் எடுத்தவர், ஒருவர் மாதச் சீசன் வைத்திருப்பவர், ஒருவர் மாணவர் சீசன் வைத்திருக்கும் கல்லூரி இளைஞர். ஒரே பயணத்துக்கு மூவரும் மூன்று விலை கொடுத்திருக்கிறார்கள்.

இவை இரண்டையும் பொதுவாகச் ‘சலுகை’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இரண்டுக்கும் பின்னாலிருக்கும் காரணம் ஒன்றல்ல. ஒன்று வாங்குபவர் யார் என்று பார்த்து விலை வைக்கிறது. மற்றது பொருளைத் தர எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து விலை வைக்கிறது. இந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டால்தான் எந்தச் சலுகை யாருக்கு நன்மை, அதன் சுமை யார் தலையில் என்று சொல்ல முடியும்.

இரண்டு விலை வைக்கத் தோன்றுவது ஏன்

ஒரு கற்பனைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். தொழிற்பேட்டை அருகே ஒருவர் சிஎன்சி எந்திரப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். எந்திர வாடகை, இடம், ஆசிரியர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஓர் அணிக்கு 80,000 ரூபாய் செலவு. எத்தனை பேர் வந்தாலும் அது மாறாது. அதற்கு மேல் ஆளுக்கு 1,000 ரூபாய்க்குப் பொருள் செலவு. கம்பெனிகள் அனுப்பும் ஊழியர்கள் 8 பேர் வரக்கூடும். அவர்களுக்காகக் கம்பெனி 9,000 ரூபாய் வரை கொடுக்கும். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்கள் 14 பேர் வரக்கூடும். அவர்களால் 4,000 ரூபாய்க்கு மேல் முடியாது.

எல்லாருக்கும் 9,000 என்றால் எட்டுப் பேர் மட்டும் வருவார்கள். பொருள் செலவு போகக் கையில் நிற்பது 64,000. எல்லாருக்கும் 4,000 என்றால் இருபத்திரண்டு பேரும் வருவார்கள், நிற்பது 66,000. எந்த ஒற்றை விலையிலும் 80,000 தேறவில்லை, வகுப்பை மூட வேண்டியதுதான். கம்பெனி ஊழியருக்கு 9,000, மாணவருக்கு 4,000 என்று வைத்தால் 64,000-உடன் 42,000 சேர்ந்து 1,06,000 ஆகிறது. வகுப்பு நடக்கிறது. மாணவர் சலுகையின் அடிப்படை இதுதான். ஒரு கூடுதல் மாணவரை உட்கார வைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. வகுப்பை நடத்தவே ஆகும் செலவு மிக அதிகம். இப்படிப்பட்ட தொழில்களில் பேதம் இல்லாவிட்டால் சில சமயம் பொருளே இருக்காது. ரயில், மின்சாரம், திரையரங்கு, விமானம் எல்லாம் இந்த வகை.

இது நடக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும். விற்பவருக்கு விலையைத் தீர்மானிக்கும் வலு இருக்க வேண்டும். அடுத்த தெருவில் பத்துப் பேர் அதே பொருளை விற்றால் 9,000 கேட்க முடியாது. அதிகம் தரக்கூடியவரையும் தர முடியாதவரையும் பிரித்தறிய வழி வேண்டும். மலிவாக வாங்கியவர் மற்றவருக்குக் கைமாற்றிவிட முடியாதபடியும் இருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழில் பெயர் இருப்பதால் மாணவர் தன் இடத்தைக் கம்பெனி ஊழியருக்கு விற்க முடியாது. அரிசியில் இது எடுபடாது. மாணவர் விலைக்கு அரிசி என்று ஒரு கடைக்காரர் அறிவித்தால் ஊரிலுள்ள அரிசி எல்லாம் மாணவர் பெயரில்தான் விற்கும்.

பொருளியலாளர் பிகூ 1920-இல் இந்த வகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொருவரிடமும் அவரால் முடிந்த உச்சத்தை வாங்குவது ஒன்று. அளவையோ தரத்தையோ நேரத்தையோ வைத்து விலைப் பட்டியல் போட்டு, வாங்குபவரே தமக்கானதைத் தேர்ந்தெடுக்க விடுவது இரண்டாவது. மாணவர், முதியோர் என்று அடையாளம் பார்த்துப் பிரிப்பது மூன்றாவது. நாம் அன்றாடம் காண்பது பின்னிரண்டும்தான்.

சீசன் டிக்கெட்டின் எதிர்த்திசை

புறநகர் ரயிலின் மாதச் சீசன் ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டது. மாதம் 25 நாள் வேலைக்குப் போய் வருபவர் 50 பயணம் செய்கிறார். அவருக்கு ஒரு பயணம் ஒற்றை டிக்கெட் விலையில் 100-க்கு 30 மட்டுமே. மாணவருக்குச் சீசன் பாதி விலை. அவர் தருவது 100-க்கு 15. பள்ளிக்குப் போகும் மாணவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையும், மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரையும் வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்புச் சீசன் இலவசமாகவே உண்டு.

லாபத்துக்காக விலை பேதம் செய்யும் ஒரு வியாபாரி இப்படி வைக்கமாட்டார். அவர் கணக்கு வேறாக இருக்கும். தினமும் கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ ஷிப்டுக்குப் போகிறவர் விலை ஏறினாலும் போயே தீர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டுக்குப் போகிறவர் விலை ஏறினால் பயணத்தைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போட முடியாதவரிடம் அதிகமாகவும், முடிகிறவரிடம் குறைவாகவும் வாங்குவதே லாபத்தின் வழி. சீசன் டிக்கெட் இதைத் தலைகீழாக்குகிறது.

செலவுக் கணக்கும் அதே திசையைத்தான் காட்டும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் கூட்டத்தைச் சுமக்க ரயில்வே வாங்கும் கூடுதல் ரேக்குகளுக்கு மதியம் அவ்வளவு வேலை இல்லை. அந்த ரேக்குகளின் விலை, நிறுத்துமிடம், பராமரிப்பு எல்லாம் அந்த இரண்டு மணி நேரப் பயணிகளால் வருவது. ஆனால் அந்த நேரத்தில் நிற்க இடமில்லாமல் போகிறவர்களில் பெரும்பாலோர் சீசன்காரர்கள், அதாவது மிகக் குறைந்த விலை கொடுப்பவர்கள். முற்பகல் பதினோரு மணிக்குக் காலியாக ஓடும் ரயிலில் ஏறுகிறவர் ஒற்றை டிக்கெட் எடுத்து முழு விலை கொடுக்கிறார். நேரத்துக்கு ஏற்ற விலை என்ற கொள்கைக்கு இது நேர் எதிர்.

எனவே சீசன் டிக்கெட்டை விற்பவரின் தந்திரமாகப் பார்ப்பது தவறு. அது அரசின் சமூக முடிவு. வாடகை கட்டுப்படியாகாத தொழிலாளி தள்ளி வாழ்ந்து வேலைக்கு வந்து போவதற்கான ஏற்பாடு. 2014 ஜூனில் சீசன் விலையை 30 பயணங்களின் அடிப்படைக்கு மாற்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டு, பழையபடி 15 பயணங்களின் அடிப்படையே நீடித்தது. சந்தைக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் அப்படித் திரும்பியிருக்காது.

இங்கே பேதத்தைக் காப்பது காகிதம். சீசனுக்குப் புகைப்பட அடையாளம் வேண்டும், அது கைமாறாது. மாணவர் சீசனுக்குக் கல்வி நிறுவனத்தின் சான்று வேண்டும். 2009-இல் வந்த ‘இஸ்ஸத்’ சீசன், மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மேல் போகாத அமைப்புசாராத் தொழிலாளருக்கு 100 கிலோமீட்டர் வரை 25 ரூபாய்க்குத் தரப்பட்டது. அதற்கு வருமானச் சான்று வேண்டியிருந்தது. அடையாளம் பார்த்துத் தரும் எல்லாச் சலுகைகளின் குறையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கல்லூரி மாணவிக்கு முதல்வர் கையெழுத்து எளிதில் கிடைக்கும். ஒப்பந்தக்காரரின் கீழ் மாதத்துக்கு ஓர் ஆலையில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு வருமானத்தை எழுதிக்கொடுக்க ஆள் தேட வேண்டும். சலுகை யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம்தான் காகிதம் மிகக் குறைவாக இருக்கிறது.

உருக்காலையின் இரண்டு ஷிப்ட்

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். இங்கே காகிதம் தேவையில்லை; மீட்டர் மணியைப் பார்த்துப் பதிவு செய்கிறது. காலை 6 முதல் 10 வரை, மாலை 6 முதல் இரவு 10 வரை பீக் அவர்; யூனிட் விலையில் 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி. மீதி ஒன்பது மணி நேரம் சாதாரண விலை. இது போக டிமாண்ட் சார்ஜ் உண்டு: 2022 ஆணைப்படி ஒரு கேவிஏவுக்கு மாதம் 550 ரூபாய். மின்சாரத்தை எவ்வளவு நேரம் பயன்படுத்தினாலும் அது குறையாது. அதன் பிறகு யூனிட் விலையும் இந்தக் கட்டணமும் உயர்ந்திருக்கின்றன. கணக்குக்கு இங்கே 2022-இன் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்கும் ஆலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. ஒரு டன் ஸ்கிராப்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 5,000 கேவிஏ டிமாண்ட் உள்ள, சராசரியாக 4,000 கிலோவாட் இழுக்கும், மாதம் 25 நாள் ஓடும் ஒரு மாதிரி ஆலையைப் பார்ப்போம். டிமாண்ட் சார்ஜ் மட்டும் மாதம் 27.5 லட்சம்.

இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் மாதம் 24 லட்சம் யூனிட். மூன்று விலைகளின் சராசரி யூனிட்டுக்கு 7 ரூபாய் 21 காசு. டிமாண்ட் சார்ஜ் யூனிட்டுக்கு 1 ரூபாய் 15 காசு. மொத்தம் 8 ரூபாய் 36 காசு. பீக் அவர் எட்டு மணி நேரமும் நிறுத்திவிட்டால் 16 லட்சம் யூனிட். சராசரி விலை 6 ரூபாய் 60 காசாக இறங்குகிறது. ஆனால் அதே 27.5 லட்சத்தை இப்போது குறைந்த யூனிட்டுகள் சுமக்க வேண்டும். யூனிட்டுக்கு 1 ரூபாய் 72 காசு. மொத்தம் 8 ரூபாய் 32 காசு. நான்கு காசு மிச்சம். ஒரு டன்னுக்கு 23 ரூபாய் அளவுதான். இதற்காக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கை யாரும் விடமாட்டார்கள். ஆர்டர் நிறைந்திருக்கும் ஆலை பீக் அவரிலும் ஓடும். 25 விழுக்காடு கூடுதல் அதன் நடத்தையை மாற்றாது. அதனிடமிருந்து பணத்தை மட்டும் வாங்கும்.

சந்தை மந்தமாகி இரண்டு ஷிப்டுக்குத்தான் வேலை இருக்கிறது என்றால் கணக்கு அடியோடு மாறுகிறது. காலை 6 முதல் இரவு 10 வரை வழக்கமான இரண்டு ஷிப்ட் ஓட்டினால் பீக் அவர் எட்டு மணி நேரமும் அதற்குள் வந்துவிடும். யூனிட்டுக்கு 9 ரூபாய் 31 காசு ஆகும். காலை 10 முதல் மாலை 6 வரை ஒன்று, இரவு 10 முதல் காலை 6 வரை ஒன்று என்று ஓட்டினால் 8 ரூபாய் 32 காசு. ஒரு டன்னுக்கு 595 ரூபாய் வித்தியாசம். மாதத்துக்கு 16 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மின்வரியையும், ஃபர்னஸ் ஆறிச் சூடேறும்போது வீணாகும் யூனிட்டையும், அப்போது உள்பூச்சுக்கு வரும் சேதத்தையும் இதில் சேர்க்கவில்லை. அவற்றைக் கணக்கில் எடுத்தாலும் இரும்பு வியாபாரத்தில் டன்னுக்குச் சில நூறு ரூபாய் என்பது லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

நேர விலை யாரை அசைக்கிறது, யாரை அசைப்பதில்லை என்பது இதில் தெளிவாகிறது. கைவசம் சும்மா இருக்கும் திறன் உள்ளவரை அது நகர்த்துகிறது. இடைவிடாமல் ஓட வேண்டிய ரசாயன ஆலையை அது நகர்த்தாது. பகலில் ஒரே ஷிப்ட் ஓடும் சிறு லேத் பட்டறையையும் நகர்த்தாது. காலை வேலை தொடங்கும் நேரம் பீக் அவருக்குள் விழுந்தால் பட்டறைக்காரர் கட்டித்தான் ஆக வேண்டும். தாழ்வழுத்தச் சிறு தொழில்களுக்கும் இதே 25 விழுக்காடு வந்தபோது எதிர்ப்பு எழுந்தது; 2022 நவம்பரில் அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

மலிவு ஒருவருக்கு, சிரமம் இன்னொருவருக்கு

மலிவு விலையோடு ஒரு சிரமத்தைக் கட்டிவைப்பது விலை பேதத்தின் பழைய முறை. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டியூபுயி 1849-லேயே இதைக் கவனித்தார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைச் செலவை மிச்சப்படுத்த அல்ல. இரண்டாம் வகுப்புக்குப் பணம் தரக்கூடியவர் மலிவு டிக்கெட்டுக்கு இறங்கிவிடாமல் இருக்கத்தான் என்பது அவர் விளக்கம். ஏழையை வாட்டுவது நோக்கமல்ல. ஆனாலும் வாடியது ஏழைதான்.

இரவு மின்சாரத்தில் சிரமம் என்பது இரவே. அதை ஏற்றுக்கொள்கிறவருக்கு விலை குறைகிறது. ஆனால் ரயிலில் மலிவு டிக்கெட் வாங்கியவரே வெயிலில் உட்கார்ந்தார். உருக்காலையில் தள்ளுபடி ஆலையின் பில்லில் விழுகிறது. விழித்திருப்பவர் ஃபர்னஸ் மேடையில் ஸ்கிராப் தள்ளும் தொழிலாளி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கூடுதல் நேர வேலைக்கு இரட்டைக் கூலி என்றது. இரவு வேலைக்கென்று தனிக் கூலி எதையும் விதிக்கவில்லை. ஆகவே டன்னுக்கு 595 ரூபாயில் ஒரு பங்கு அவருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. மேலே சொன்ன இரண்டு ஷிப்டின் இடைவெளியையும் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு முடிக்கிறவரும், இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறவரும் ஊருக்குப் போய்வரும் ரயிலைப் பொறுத்தே வாழ்கிறார்கள். நேர விலையைப் பற்றிய விவாதங்கள் யூனிட்டோடு நின்றுவிடுகின்றன. அது தொழிலாளியின் உறக்கத்தின் வழியாகத்தான் நிறைவேறுகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எது செலவு, எது பேதம்

பீக் அவர் விலை முழுக்க நியாயமற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மின்சாரத்தை அந்த நேரத்தில் தருவதற்கு உண்மையிலேயே அதிகம் செலவாகிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் இருக்கின்றன. மாலையில் வீடுகளும் ஆலைகளும் ஒரே சமயத்தில் இழுக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே நிலையங்களையும் கம்பிகளையும் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. போதாவிட்டால் சந்தையில் உச்ச விலைக்கு வாங்க வேண்டும். பிரான்ஸின் மின் வாரியத்தில் இருந்த மார்செல் புவாட்டோ 1949-இல் இதற்கான கணக்கைக் கொடுத்தார்: திறனைக் கட்டும் செலவை அந்தத் திறனைத் தேவையாக்கிய நேரம்தான் சுமக்க வேண்டும். அந்த வரையில் பீக் அவர் விலையில் பேதம் இல்லை. விலை செலவைத் தொடர்கிறது.

பேதம் என்பது செலவு விளக்காத மீதி. நம் சட்டமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 62(3) பிரிவு எந்த நுகர்வோருக்கும் முறையற்ற சலுகை கூடாது என்கிறது. கூடவே மின்னழுத்தம், பயன்படுத்தும் அளவு, மின்சாரம் தேவைப்படும் நேரம், இடம், பயன்படுத்தும் நோக்கம் முதலியவற்றை வைத்து விலையை வேறுபடுத்தலாம் என்கிறது. நேரம் செலவோடு தொடர்புடையது. நோக்கம் அப்படியல்ல. ஆலைக்கு ஒரு விலை, வீட்டுக்கு முதல் நூறு யூனிட் இலவசம், விவசாயப் பம்புசெட்டுக்கு இலவசம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லின் வழியாக வருகின்றன. இது அரசு அறிந்து செய்யும் பேதம். அதற்கு ஓர் எல்லையும் உண்டு. அதிக விலை தருகிறவர் வெளியேற வழி கண்டுபிடித்தால் ஏற்பாடு குலையும். பெரிய ஆலைகள் தங்களுக்கென்று காற்றாலை வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து மின்சாரம் வாங்கலாம். அப்படி வெளியிலிருந்து வாங்குகிறவர்மேல் விதிக்கப்படும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இந்தக் கசிவை அடைக்கத்தான். சிறு பட்டறைக்குக் காற்றாலை வைக்க வசதியில்லை. அது உள்ளேயே நின்று கட்டுகிறது.

செலவின் வடிவம் மாறும்போது பழைய நேர அட்டவணை தானாகவே பேதமாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சூரிய மின்சாரம் பெருகிய பிறகு நண்பகல்தான் மலிவான நேரம். 2023 ஜூனில் ஒன்றிய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தி, சூரிய ஒளி நேரத்தில் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாகவும், பீக் அவரில் வணிக, தொழில் நுகர்வோருக்குக் குறைந்தது 20 விழுக்காடு கூடுதலாகவும் வைக்கச் சொன்னது. நண்பகல் விலை இப்படிக் குறைந்தால் மேலே போட்ட இரண்டு ஷிப்ட் கணக்கில் பகல் ஷிப்ட் இன்னும் மலிவாகும், இரவு ஷிப்டின் கவர்ச்சி குறையும். தொழிலாளியின் உறக்கத்துக்கும் மின் வாரியத்தின் செலவுக்கும் ஒரே திசையில் நன்மை தரக்கூடிய மாற்றம் இது. மலிவு நேரம் இன்னும் நள்ளிரவுதான் என்று எழுதிவைத்திருக்கும் அட்டவணை அந்த நன்மையைத் தடுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எந்த விலை வேறுபாட்டையும் எடைபோட மூன்று கேள்விகள் போதும். வித்தியாசத்தில் எவ்வளவு பங்கைச் செலவு விளக்குகிறது? மலிவுக்குள் நுழைய என்ன கேட்கிறார்கள், அது உரியவரிடம் இருக்கிறதா? நகர முடியாதவர் யார், அவர் என்ன விலை கொடுக்கிறார்? கும்மிடிப்பூண்டியில் கடைசிக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: நேரத்தை மாற்ற முடியாத பட்டறையும், சான்றிதழ் காட்ட முடியாத தொழிலாளியும் உச்ச விலை கொடுக்கிறார்கள். கட்டண ஆணையம் ஒவ்வொரு நேரப் பகுதிக்கும் ஆகும் செலவை விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். இரவுத் தள்ளுபடி வாங்கும் ஆலை இரவுக் கூலியும் தர வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். இவ்விரண்டும் நடந்தால் விலை பேதம் வகுப்பைத் திறந்துவைக்கும் கருவியாக நிற்கும்; இல்லையென்றால் வலுவில்லாதவரிடம் அதிகம் வாங்கும் வழியாகவே அது தொடரும்.